‘தாது போகுது’ – பாவம் நோயாக மாறிய கதை

வைத்தியரிடம் ஓர் இளைஞன் வருகிறான். முதலில் இடுப்புவலி என்பான். பிறகு அசதி, நித்திரை இல்லை, ஞாபகமறதி என்பான். எழும்பிப் போகும்போது கதவுக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, வந்த விஷயத்தைச் சொல்வான்: “டொக்டர், எனக்குத் தாது போகுது.” மூத்திரத்தோடு வெள்ளையாய்ப் போகிறது, மலம் கழிக்க முக்கும்போது வருகிறது, சின்ன வயதில் செய்த கைப்பழக்கத்தால் எல்லாம் வற்றிப்போய்விட்டது, இனிக் கலியாணம் கட்ட ஏலாது. இந்த முறைப்பாடு தென்னாசியா முழுக்க ஒரே மாதிரி வருகிறது. அதனால் மனநோய் மருத்துவம் அதற்குப் பெயரே வைத்துவிட்டது. இந்தியாவின் மனநோய் மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இல் இதைத் ‘தாத் நோய்க்குறி’ என்று குறித்தார். உலக சுகாதார அமைப்பின் பத்தாவது நோய் வகைப்பாட்டிலும் அந்தப் பெயர் இடம்பெற்றது.

இது இந்தியாவோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டில் பாலியல் கோளாறு என்று சிகிச்சைக்கு வந்த ஆண்களை ஆராய்ந்து, பத்மல் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989இல் ‘இலங்கையில் விந்திழப்பு நோய்க்குறி’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2004இல் அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன, தினேஷ் புக்ரா மூவரும் பிரித்தானிய மனநோய் மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இது கீழைத்தேயத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல, பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவும் இதே பயத்தில்தான் கிடந்தது என்பது அவர்கள் வாதம்.

சிங்களவர், இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரிடமும் உள்ள இந்தப் பயத்தை ஒரு முஸ்லிம் சஞ்சிகையில் எழுத என்ன தேவை என்று கேட்கலாம். தேவை இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் இந்தப் பயம் மார்க்கத்தின் பெயரால் போய்ச் சேருகிறது. ‘ஹராம்’ என்ற சொல்லோடு ‘முழங்கால் பலம் போகும், கண் மங்கும், பிள்ளை பிறக்காது’ என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. முதலாவது ஒரு மார்க்கத் தீர்ப்பு. மற்றது மார்க்கத்தில் இருந்து வந்ததல்ல, மருத்துவத்திலும் உண்மையல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இக்கட்டுரையின் வேலை.

தீர்ப்பு என்ன சொல்கிறது?

சுயஇன்பத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘இஸ்திம்னா’ என்று பேசுகின்றன. ஸூரா அல்முஃமினூனின் ஐந்தாம் வசனம் முதல் ஏழாம் வசனம் வரை, தம் வெட்கத்தலங்களைக் காத்துக்கொள்வோரைப் பற்றியது. அதை ஆதாரமாகக் கொண்டு இமாம் ஷாஃபிஈ இதைத் தடுத்தார்கள். மாலிக்கி மத்ஹபின் நிலைப்பாடும் அதுவே. ஹனஃபி அறிஞர்கள் பொதுவாகத் தடுத்தாலும், விபசாரத்தில் விழுந்துவிடும் பயம் உள்ளவன் விஷயத்தில் இளக்கம் காட்டினார்கள். இமாம் அஹ்மதிடமிருந்து தேவையின்போது அனுமதி என்ற ஒரு கருத்தும் அறிவிக்கப்படுகிறது. இப்னு ஹஸ்ம் வெறுக்கத்தக்கது என்றார், ஹராம் என்று சொல்லவில்லை. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆகவே நம் ஊரில் தடை என்ற தீர்ப்பே சொல்லப்படுகிறது. அதை மாற்ற இந்தக் கட்டுரை வரவில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற மிரட்டல்களைப் பார்க்க வேண்டும். மறுமையில் அல்லாஹ் பார்க்காத ஏழு பேரில் கையை மணந்தவனும் ஒருவன் என்று ஓர் அறிவிப்பு பயான்களில் அடிக்கடி வரும். இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் அல்முஃமினூன் வசனத்தின் கீழ் அதை எடுத்துக்காட்டிவிட்டு, அது ‘ஃகரீப்’ என்றும், அதன் அறிவிப்பாளர் தொடரில் யாரென்று அறியப்படாதவர் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். பயானில் முதல் பாதி மட்டும் வருகிறது, பின் பாதி நூலிலேயே கிடந்துவிடுகிறது.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஸஹீஹான ஹதீஸோ வேறு தொனியில் பேசுகிறது. வசதியுள்ள இளைஞர்கள் மணமுடிக்கட்டும், ஏலாதவர்கள் நோன்பு பிடிக்கட்டும், அது காப்பாகும் என்பது அதன் கருத்து. இளைஞனுக்கு ஆசை வருவது இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, ஒரு வழியைக் காட்டுகிற பேச்சு அது. உடம்பு கெட்டுப்போகும் என்ற மிரட்டல் அதில் இல்லை.

மிரட்டல் எங்கிருந்து வந்தது?

‘தாது’ என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. உணவு ஏழு படியாக மாறுகிறது என்பது ஆயுர்வேதத்தின் பழைய கொள்கை. சித்த மருத்துவம் இவற்றை ஏழு உடற்கட்டுகள் என்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியாகச் சுக்கிலம். ஒவ்வொரு படியிலும் முந்தியதைக் காய்ச்சி எடுத்தது போல அடுத்தது உண்டாகிறது. அப்படியானால் ஏழாவதாக வருவது எல்லாவற்றின் சாறு. ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி இரத்தம் என்ற ஊர்க்கணக்கு இங்கிருந்துதான் பிறந்தது. ‘விந்து விட்டவன் நொந்து கெட்டான்’ என்று பழமொழியும் ஆகிவிட்டது.

யூனானி மருத்துவத்திலும் இந்த எண்ணம் உண்டு. இப்னு சீனாவின் அல்கானூனும் மிதமிஞ்சிய விந்து வெளியேற்றம் உடலைப் பலவீனமாக்கும் என்றே கருதியது. நம் பழைய அறிஞர்கள் சிலர் தீர்ப்போடு உடல் தீங்கையும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இதுதான். தங்கள் காலத்து மருத்துவம் சொன்னதை அவர்கள் எடுத்தாண்டார்கள். அது வஹீ அல்ல, அந்தக் காலத்து வைத்தியம்.

ஐரோப்பாவின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. ஏறக்குறைய 1716இல் லண்டனில் ‘ஒனானியா’ என்ற சிறுநூல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. பாவத்தைக் கண்டித்துக்கொண்டே அதற்கான மருந்தையும் அது விளம்பரம் செய்தது. 1760இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் திஸோ இதை மருத்துவ நூலாகவே எழுதிவிட்டார். ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் இரத்தத்தை இழப்பதை விட மோசம் என்றார். அங்கேயும் நாற்பது! அந்த நூலின் பயம் ஐரோப்பாவை நூறு வருஷத்துக்கு மேல் ஆட்டியது. பிறகு மருத்துவம் முன்னேறியபோது மெல்லமெல்ல உதிர்ந்தது. நம்மிடம் மட்டும் பயான் மேடையிலும் பத்திரிகை விளம்பரத்திலும் அது இன்னும் தங்கியிருக்கிறது.

இனி உண்மைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தடவை வெளிப்படும் விந்து சாதாரணமாக 2 முதல் 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புரொஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர், விந்தணுக்கள் மிகச் சிறிய பங்கு. அந்த அணுக்களும் இரத்தத்தைக் காய்ச்சி எடுத்தவை அல்ல. விதைப்பையில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் புதிதாக உண்டாகிக்கொண்டே இருப்பவை. ஓர் அவித்த முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு தடவை விந்தில் அதன் இருபதில் ஒரு பங்கும் இல்லை. இதனால் முழங்கால் தேயவோ கண் மங்கவோ எந்த வழியும் இல்லை.

வெள்ளையாய்ப் போவது என்ன?

‘கணக்கெல்லாம் சரி, ஆனால் நான் கண்ணால் பார்க்கிறேனே, வெள்ளையாய்ப் போகிறதே’ என்பான் அந்த இளைஞன். இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களிலேயே விடை இருக்கிறது. இந்தப் பயத்தோடு வரும் முஸ்லிம் இளைஞனுக்கு வேறு யாரிடமும் இல்லாத மருந்து அது.

தஹாரா பாடத்தில் மூன்று சொற்கள் வரும்: மனீ, மதீ, வதீ. மனீ என்பது விந்து, இன்பத்தோடும் துள்ளியும் வெளிப்படுவது, குளிப்பைக் கடமையாக்குவது. மதீ என்பது ஆசை எழும்போது துள்ளலில்லாமல் கசியும் மெல்லிய பசைநீர். வதீ என்பது சிறுநீர் கழித்த பிறகோ, பாரம் தூக்கும்போதோ வரும் வெண்மையான, கலங்கலான, தடித்த நீர். பின்னவை இரண்டுக்கும் குளிப்புக் கடமையில்லை. கழுவிவிட்டு வுழூச் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் மனீ சுத்தமானது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. மனிதன் படைக்கப்படும் மூலம் அது என்பது அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூத்திரத்துக்குப் பின்னால் வெள்ளையாய் வருவது, முக்கும்போது வருவது என்று ஒருவன் உயிரை விட்டுக்கொண்டிருக்கும் சங்கதியை ஃபிக்ஹு நூல்கள் பல நூறு வருஷங்களுக்கு முன்பே ‘இது விந்து அல்ல’ என்று வேறு பெயரிட்டு ஒதுக்கி வைத்துவிட்டன. மலம் இறுகியிருக்கும்போது குடல் புரொஸ்டேட் சுரப்பியை அழுத்துவதால் அதன் நீர் சிறிது வெளிவருவதும் உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. சிலருக்கு மூத்திரமே பால் கலந்தது போலக் கலங்கும். பெரும்பாலும் அது பொஸ்பேற் உப்பு. பரிசோதனைக் குழாயில் சில துளி அசற்றிக் அமிலத்தை, அதாவது வினாகிரியின் அமிலத்தை விட்டால் கரைந்து மூத்திரம் தெளிந்துவிடும். விந்தாக இருந்தால் இப்படித் தெளியாது.

அதற்காக எல்லாவற்றையும் வதீ என்று விட்டுவிடவும் கூடாது. மஞ்சளாய்ச் சீழ் போல வந்தால், மூத்திரம் எரிந்தால், காய்ச்சல் இருந்தால், இரத்தம் கலந்தால் அது தொற்றாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். மூத்திரப் பரிசோதனை ஒன்று செய்து பார்த்தால் விளங்கிவிடும்.

கேட்க வெட்கப்படுவது புதிதல்ல. அலீ (ரழி) அவர்களுக்கு மதீ அதிகம் வெளிப்படும் தன்மை இருந்தது. நபி (ஸல்) அவர்களின் மகளை மணந்தவராக இருந்ததால் நேரே கேட்க வெட்கப்பட்டு, மிக்தாத் (ரழி) அவர்களை அனுப்பிக் கேட்கச் சொன்னார்கள். கிடைத்த பதில் கழுவிவிட்டு வுழூச் செய்வது என்பதுதான். அலீ (ரழி) வெட்கப்பட்டார்கள், ஆனால் கேள்வியை விழுங்கிவிடவில்லை, வேறொருவர் மூலம் கேட்டுவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த மிக்தாத் யார் என்பதுதான் இன்றைய கேள்வி.

பயம் எப்படி உறுப்பை முடக்குகிறது?

இனி ஒரு கதை. இது ஓர் ஆளின் கதை அல்ல. இப்படி வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் படிகளைக் கோத்தெடுத்த மாதிரிக் கதை.

பெடியனுக்குப் பதினாலு வயது. ஓதிக்கொடுப்பவர் ஒரு நாள் பொதுவாக எச்சரிக்கிறார்: பாவம், மேலும் உடம்பு உருகிவிடும். இவன் அன்று முதல் நிறுத்துகிறான், இரண்டு கிழமையில் விழுகிறான், அழுகிறான், மறுபடி நிறுத்துகிறான். ஒரு நாள் வாப்பாவுக்குச் சந்தேகம் வந்து, எல்லாருக்கும் முன்னால் ஏசிவிடுகிறார். இதற்குள் அவன் மனதில் ஒன்று மாறிவிட்டது. ‘நான் ஒரு தப்புச் செய்தேன்’ என்றிருந்தது ‘நான் கெட்டவன்’ என்று ஆகிவிட்டது.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. முதலாவது குற்ற உணர்வு, அது செயலைப் பற்றியது. இரண்டாவது அவமானம், அது ஆளையே பற்றியது. தவ்பா என்பது செயலுக்குரியது. விட்டுவிடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது என்று மூன்று நிபந்தனைகளை இமாம் நவவீ ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். மூன்றும் முடிந்தால் கணக்கு முடிந்தது. மறுபடி விழுந்தால் மறுபடி தவ்பா. ஆனால் ‘உன் உடம்பு கெட்டுவிட்டது’ என்று சொல்லப்பட்டவனுக்குக் கணக்கு முடிவதில்லை. அல்லாஹ் மன்னித்தாலும் முதுகெலும்பு மன்னிக்காது என்று அவன் நம்புகிறான். பாவத்தை நோயாக்கியதன் விளைவு இதுதான். தவ்பாவின் வாசல் திறந்திருந்தும் அவனுக்கு வெளியே வர வழியில்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு நாளிதழின் சிறு விளம்பரம் கண்ணில் படுகிறது: ‘இளமையில் செய்த தவறால் அவதியா?’ லேகியம் வாங்கிக் குடிக்கிறான். காசு போனது மட்டுமல்ல. நோய் இருக்கிறது என்பது இப்போது உறுதியாகிவிட்டது, மருந்தே கொடுத்துவிட்டார்களே!

இருபத்தொன்பதில் நிக்காஹ். முதல் இரவு. அவன் மனதில் மனைவி இல்லை, ஒரு பரீட்சை இருக்கிறது. ‘சரியாய் வருமா? வராவிட்டால்?’ விறைப்பு உண்டாக வேண்டுமானால் ஆண்குறியின் உள்ளே உள்ள மென்தசைகள் தளர்ந்து இரத்தம் நிரம்ப வேண்டும். அந்தத் தளர்வு அமைதியான நரம்புத் தொகுதியின் வேலை. பயம் வந்தால் உடம்பு எதிர்ப்பக்கம் போகிறது. அட்ரினலின் வகைப் பொருட்கள் சுரக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, அந்தத் தசைகள் இறுகுகின்றன, இரத்தம் திரும்பிப் போகிறது. நாய் துரத்தும்போது ஒருவனுக்கு விறைப்பு வராது. இவனைத் துரத்துகிற நாய் இவனுடைய தலைக்குள்ளேயே இருக்கிறது.

அன்று வரவில்லை. அவன் இதைப் பயத்தின் விளைவு என்று நினைக்கவில்லை. பதினாலு வயதில் சொன்னது பலித்துவிட்டது என்று நினைக்கிறான். அடுத்த இரவு பயம் இரட்டிப்பு. அந்த நேரத்தில் அவன் மனைவியோடு இல்லை, ஓரமாய் நின்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கிறான். மாஸ்டர்ஸ், ஜோன்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட நூலில் இந்த ‘பார்வையாளனாகிவிடும்’ நிலையைத்தான் பாலியல் குறைபாட்டின் நடுவில் வைத்துப் பேசினார்கள். சிலருக்கு இதே பதற்றம் வேறு வடிவம் எடுக்கும். விறைப்பு வரும், ஆனால் உடனே விந்து வெளிப்பட்டுவிடும்.

மூன்றாம் கிழமை அவன் கடையில் இருந்து பிந்தி வரத் தொடங்குகிறான். மனைவி தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாள். மாமி விசேஷம் உண்டா என்று கேட்கிறார். உம்மா யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று தண்ணீர் ஓதிக் கொண்டுவருகிறார். ஒருவரும் சொல்லாத ஒரே விஷயம், அவனுக்கு உடம்பில் நோயில்லை என்பது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விஷயம் தெரிந்த வைத்தியர் முதலில் கேட்கிற கேள்வி மிகவும் எளிமையானது: “காலையில் எழும்பும்போது விறைப்பு இருக்கா?” இருந்தால், இரத்தக்குழாயும் நரம்பும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். தனியே இருக்கும்போது வருகிறது, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றாலும், ஒரு நாளில் திடீரென்று தொடங்கியது என்றாலும் அப்படியே. மனம்தான் தடை என்பதற்கு இவை அடையாளங்கள்.

மாறாக, மாதக்கணக்கில் மெல்லமெல்லக் குறைந்து காலை விறைப்பும் நின்றுபோனால் உடம்பைப் பார்க்க வேண்டும். இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு, ஆசையே குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டெரோன் பார்ப்பார்கள். நாற்பது தாண்டியவருக்கு விறைப்புக் குறைவு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அதை ‘சின்ன வயதுப் பாவம்’ என்று மறைத்துவைப்பது உயிருக்கே ஆபத்து. அதோடு ‘தாது போகுது’ என்று வருகிறவர்கள் பலருக்கு மனச்சோர்வும் இருக்கும். நித்திரையின்மை, அசதி, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் விந்து போனதால் வந்தவை அல்ல, மனச்சோர்வின் அறிகுறிகள். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு.

ஒரு வரம்பையும் சொல்லவேண்டும். குற்ற உணர்வோடு வளர்ந்த எல்லாருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோர் கலியாணமான சில நாட்களில் தாமாகவே சரியாகிவிடுகிறார்கள். மார்க்கப் பற்றுள்ள வளர்ப்பே நோய்க்குக் காரணம் என்று சொல்வதும் பிழை. தடை என்ற சொல்லோடு ‘உடம்பு கெட்டுவிட்டது’ என்ற பொய்யும், யாரிடமும் கேட்க முடியாத தனிமையும் சேரும்போதுதான் அது நோயாகிறது.

சிகிச்சை

முதல் மருந்து விளக்கம். படம் வரைந்து, விந்து எங்கே உண்டாகிறது, வெள்ளையாய்ப் போவது என்ன, அன்றிரவு ஏன் வரவில்லை என்று அமைதியாகச் சொல்வது. ‘உனக்கு ஒண்டும் இல்லை, போ’ என்று விரட்டுவது விளக்கம் அல்ல. அப்படி விரட்டப்பட்டவன் நேரே லேகியக்காரரிடம்தான் போவான்.

இரண்டாவது, கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் பயிற்சி. சில கிழமைகளுக்கு உடலுறவு கொள்ளவே வேண்டாம் என்று வைத்தியர் தடுத்துவிடுவார். கேட்க வேடிக்கையாய் இருக்கும், ஆனால் இதுதான் நுட்பம். பரீட்சையை எடுத்துவிட்டால் பயத்துக்கு வேலையில்லை. முதலில் வெறுமனே தொட்டுப் பழகுவது, மர்ம உறுப்புகளைத் தவிர்த்து. அது இலகுவான பிறகு அடுத்த படி. இடையில் விறைப்பு வந்து போனாலும் பதறாமல் இருந்தால் திரும்ப வரும் என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும். கடைசிப் படியில்தான் உடலுறவு. விந்து முந்துகிறவருக்கு நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் பயிற்சி உண்டு, அதை 1956இலேயே ஜேம்ஸ் சீமன்ஸ் என்ற வைத்தியர் எழுதியிருக்கிறார். இவை மனைவிக்கும் கணவனுக்கும் இடையில் நடப்பவை, மார்க்கத்தில் தடையேதும் இல்லை.

மூன்றாவது, மாத்திரை. சில்டனாஃபில் போன்றவற்றை வைத்தியர் சில காலம் கொடுத்து, நம்பிக்கை வந்ததும் குறைப்பார். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேற் மாத்திரை பாவிக்கிறவர்கள் இதைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் சடாரென விழுந்துவிடும். ‘இயற்கை’ என்று விற்கப்படும் பல வீரிய மருந்துகளுக்குள் இதே சில்டனாஃபில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. லேகியம் ‘பலித்தது’ என்று சொல்கிறவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

எங்கே போவது? அச்சுவேலியில் இருப்பவருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, மந்திகை ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் பஸ்ஸில் போகிற தூரம்தான். அங்குள்ள மனநலப் பிரிவில் காசு இல்லாமலே பார்க்கலாம். ‘மனநலம்’ என்ற பலகைக்குக் கீழே தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று கூச்சமாய் இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு முதலில் பேசலாம்.

பெண்களும்

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசினோம், ஏனென்றால் வைத்தியரிடம் வருகிறவர்கள் அவர்கள்தான். பெண்பிள்ளைகள் அந்தக் கதவு வரைக்கும்கூட வருவதில்லை. அவர்களுக்குச் சொல்லப்படுவது இன்னும் குறைவு. ‘அங்கே தொடாதே, சீ’ என்பதோடு சரி. தன் உடம்பையே அசிங்கம் என்று பழகிய பெண்ணுக்குக் கலியாணத்துக்குப் பிறகு திடீரென்று அது அசிங்கமில்லை என்றாகிவிடாது. சிலருக்கு ஆசையே எழாது. சிலருக்கு உடலுறவின்போது யோனித் தசைகள் தம்மை மீறி இறுகிக்கொள்ளும். அதற்குக் காரணங்கள் பல, வளர்ப்பு அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அது அவளுடைய பிடிவாதம் அல்ல. பலவந்தம் அதை மோசமாக்கும், படிப்படியான பயிற்சி குணமாக்கும்.

உம்மு சுலைம் (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அல்லாஹ் உண்மையைச் சொல்ல வெட்கப்படுவதில்லை என்ற முன்னுரையோடு, பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்புக் கடமையா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஏசவில்லை, நீரைக் கண்டால் ஆம் என்று பதில் சொன்னார்கள். மதீனாவில் கேட்கக்கூடிய கேள்வி நம் வீட்டில் ஏன் கேட்க ஏலாது?

பிள்ளையிடம் என்ன சொல்வது?

பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் பருவமாற்றம் பற்றி இருக்கிறது. பல இடங்களில் அந்தப் பக்கங்கள் வந்ததும் ‘வீட்டில் வாசியுங்கோ’ என்று தாண்டிவிடுவார்கள். வீட்டிலோ ‘அதெல்லாம் ஓதுகிற இடத்தில் சொல்லித் தருவாங்க’ என்பார்கள். ஓதுகிற இடத்தில் மனீ, மதீ, வதீ வரும், ஆனால் வாய்ப்பாடாக வரும். மூன்றும் எவையெவை என்று உடம்போடு பொருத்திச் சொன்னால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு வாப்பாவோ ஆசிரியரோ சொல்லவேண்டியது நாலே நாலு விஷயம். கனவில் வெளிப்படுவது நோயல்ல, பாவமுமல்ல, பருவம் அடைந்ததன் அடையாளம், குளித்தால் போதும். கைப்பழக்கம் பற்றி நம் மத்ஹபின் தீர்ப்பு இது, நோன்பும் வேலையும் விளையாட்டும் உதவும். விழுந்துவிட்டால் தவ்பா செய்துவிட்டு எழும்பு, ஆள் கெட்டுப்போவதில்லை. அதனால் உன் உடம்புக்கு எந்தக் குறையும் வராது, நாளைக்கு நீ மணமுடிக்கவும் பிள்ளை பெறவும் அது தடையாகாது.

நாலாவதைச் சொன்னால் பிள்ளை பயமில்லாமல் கெட்டுப்போவான் என்று பலர் தயங்குகிறார்கள். அவன் மார்க்கத்தைப் பேணுவது அல்லாஹ்வுக்குப் பயந்தா, முழங்காலுக்குப் பயந்தா? முழங்கால் பயம் பொய் என்று அவனே ஒரு நாள் கண்டுபிடிப்பான். அதைச் சொன்னவர் சொன்ன மற்றதையும் அன்று சந்தேகிப்பான். கண்டுபிடிக்காதவனோ அந்தப் பயத்தைக் கலியாணக் கட்டில் வரைக்கும் சுமந்துகொண்டு போவான், அதன் பாரத்தில் பாதியை ஒரு பாவமும் செய்யாத அவன் மனைவி சுமப்பாள்.